கடையில் முழுச் சத்தம் வைத்துக் காட்டும்போது போன் ஸ்பீக்கரை எப்படிக் கணிப்பது?

தேன்மொழி_உறையூர் | சனி, காலை 8.10

அப்பாவுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். அவருக்கு வயது 71. காதில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டார். புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தந்தேன், சார்ஜ் போட மறந்து அது அலமாரியில் கிடக்கிறது. காலையில் திண்ணையில் உட்கார்ந்து பழைய கச்சேரிப் பதிவுகளைப் போனிலேயே கேட்பார். தலைக்கு மேலே மின்விசிறி, எதிரே தெரு. அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பார்.

போன வருடம் தம்பிக்குப் போன் வாங்கியபோது ஏமாந்துவிட்டோம். கடையில் கண்ணாடி மேசை மேல் போனை வைத்து ஒரு டெமோ வீடியோவை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார்கள். கடை முழுக்கக் கேட்டது, தெளிவாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு புல்லாங்குழல் கச்சேரியை அதே முழுச் சத்தத்தில் வைத்தால், குழல் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கூடவே துணி கிழிவது போல ஒரு சத்தம். அப்பா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுப் போனைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்ஜெட் 20,000க்குள். இரண்டு மாடல் மனதில் இருக்கிறது. பெயர் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் சொல்லவில்லை. கடையில் பத்து நிமிடம் கிடைத்தால் எதைப் போட்டு, எப்படி வைத்துக் கேட்க வேண்டும்? இதுதான் என் கேள்வி.

---

ராஜ்_மேலூர் | சனி, காலை 8.42

அக்கா, ரொம்ப யோசிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கிறதா, 200% அல்லது 300% வால்யூம் இருக்கிறதா, இதைப் பார்த்தால் போதும். என் போனில் 300% இருக்கிறது. மொட்டை மாடியில் பத்துப் பேர் உட்கார்ந்து கிரிக்கெட் கமெண்டரி கேட்கிறோம், ஒரு வார்த்தை தவறாது.

சோதிக்க நாதஸ்வரம், தவில் போடுங்கள். அதைவிடச் சத்தமான வாத்தியம் நம்மிடம் கிடையாது. அதை முழுச் சத்தத்தில் தாங்குகிற ஸ்பீக்கர் எதையும் தாங்கும்.

---

வசந்தா_ஓசூர் | சனி, காலை 9.05

எங்கள் அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். நான் பேசினால் கேட்கவே இல்லை என்கிறார். முழு வால்யூம் வைத்தாலும் அப்படித்தான். ஸ்பீக்கரில் போட்டால் நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. இதற்கும் எந்தப் போன் நல்லது என்று யாராவது சொல்லுங்கள்.

---

மைக்செட்_கணேசன் | சனி, காலை 10.30

வசந்தா அம்மா, உங்களுடையது அழைப்புச் சத்தம், அது தனிச் சமாச்சாரம். அழைப்பில் குரல் திரும்பிக் கேட்காமல் இருக்க எதிரொலியை வெட்டும் வேலை ஒன்று உள்ளே நடக்கிறது. பாட்டுக்குச் சத்தமாக இருக்கும் போன் அழைப்புக்கும் சத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதைச் சோதிக்கக் கடையில் இருந்தே உங்கள் அம்மாவின் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பார்ப்பதுதான் வழி. இன்னொன்று, பழைய போனாக இருந்தால் காது வைக்கிற இடத்தில் உள்ள கோடு போன்ற துளையைப் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே பாதிச் சத்தம் திரும்பி வரும்.

தேன்மொழி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பன்னிரண்டு வருடம் கல்யாணம், கோயில் கொடைகளுக்கு மைக்செட் போட்டவன். இப்போது ஏழு வருடமாகப் போன் சர்வீஸ் டேபிளில் இருக்கிறேன். என் அனுபவத்தில் முழுச் சத்தம் எவ்வளவு என்பது தப்பான கேள்வி. கிழியாமல் நிற்கிற கடைசிப் படியில் எவ்வளவு சத்தம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் 15 படி. ஒரு போன் 15இல் காதைப் பிளந்தாலும் 11க்கு மேல் கிழிந்தால், அப்பாவுக்கு அது 11 படி போன்தான்.

ஏன் கிழிகிறது என்று தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் புரியும். போன் ஸ்பீக்கரின் தகடு கட்டைவிரல் நகம் அளவுதான். அது முன்னும் பின்னும் ஆட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடம் இருந்தால் அதிகம். ஒரு ஸ்தாயி கீழே போனால் அதே சத்தத்தைக் கொடுக்கத் தகடு நான்கு மடங்கு ஆட வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அடிக்கும் அடி போன் ஸ்பீக்கரால் கொடுக்கவே முடியாத கீழ்ப் பகுதியில் இருக்கிறது. அப்படியே விட்டால் தகடு போய் முட்டும். அதனால் இப்போது வரும் போன்களில் ஸ்பீக்கரை ஓட்டும் சிப், தகடு எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு சூடாகிறது என்று கணக்குப் போட்டு, சத்தம் கூடக் கூடக் கீழ்ப்பகுதியைத் தானே குறைத்துவிடும். முழுச் சத்தத்தில் பாட்டு வறட்சியாக, தகரம் போலக் கேட்பதற்கு இது ஒரு காரணம். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது.

கேட்க வேண்டியது மூன்று விதமான கெடுதல். முதலாவது கிழிசல். குரலோ குழலோ உச்சிக்குப் போகும்போது மட்டும் ஓரத்தில் மணல் உரசுவது போல வரும், ஒரு படி இறக்கினால் சட்டென்று குறையும். அலையின் உச்சி வெட்டுப்படுவதால் வருவது இது. இரண்டாவது அமுக்கம். சிப் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பக் கூட்டும், பாட்டு மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். மூன்றாவது அதிர்வு. ஏதோ ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் 'கர்ர்' என்று வரும், அடுத்த சுரத்துக்குப் போனால் இருக்காது. தளர்ந்த வலை, உள்ளே தூசி, பின்மூடி, பவுச் இப்படி ஏதாவது அந்தச் சுரத்துக்குக் கூடவே ஆடுகிறது என்று அர்த்தம். முதல் இரண்டும் மாடலின் குணம். மூன்றாவது பெரும்பாலும் அந்த ஒரு பீஸின் கோளாறு.

ராஜ் தம்பி சொன்ன நாதஸ்வரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது சத்தமான வாத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் நாதமே, வாசிக்கிற சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் சுரங்கள் நிறைந்து கொஞ்சம் கரகரப்போடுதான் இருக்கும். ஸ்பீக்கர் கிழியும்போது சேர்வதும் அதே மாதிரி மேல் சுரங்கள்தான். இருக்கிற கரகரப்போடு அது கலந்து மறைந்துவிடும். புல்லாங்குழலில் மேல் சுரங்கள் குறைவு, வெள்ளை வேட்டி மாதிரி. ஒரு சொட்டுப் பட்டாலும் தெரியும். உங்கள் வீட்டில் குழலில் மாட்டியதற்குக் காரணம் இதுதான். கடையில் போட்ட டெமோ வீடியோவில் தனிக் குழல் இருந்திருக்காது.

---

செல்கடை_மணி | சனி, மதியம் 12.15

நான் கடையில் கவுண்டரில் நிற்கிறவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். டெமோ போனில் ஓடுவது கம்பெனி ஏற்றிக் கொடுத்த வீடியோ. போன் அந்த மோடில் இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப ஓடும். பெரும்பாலும் நடுப்பகுதி ஒலிகள்தான் இருக்கும், ஆழமான அடி குறைவாக இருக்கும். நாங்கள் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. கடையில் ஏசி, எதிரே பத்து டிவி, வாடிக்கையாளர் பேச்சு எல்லாம் ஓடும்போது கேட்க வேண்டுமே என்று முழுசாக வைக்கிறோம்.

நீங்கள் கேட்டால் வீடியோவை நிறுத்திவிட்டு யூடியூப் திறந்து தருவோம். பென்டிரைவைச் சில கடையில் விடமாட்டார்கள், எங்கள் மேனேஜர் விடுவார். கூட்டம் இல்லாத நேரம் வாருங்கள். வார நாள் காலை 11 மணி என்றால் பத்து நிமிடம் என்ன, அரை மணி நேரம்கூடத் தருவோம். ஞாயிறு மாலை வந்தால் என்னால் எதுவும் செய்ய முடியாது.

கண்ணாடி மேசையை நம்ப வேண்டாம். போனை மேசையில் படுக்க வைத்தால் கீழ்ப்பக்க ஸ்பீக்கரின் சத்தம் மேசையில் பட்டு உங்கள் பக்கம் வரும், கூடுதலாகக் கேட்கும். கூடவே மேசையும் ஆடும். கையில் பிடித்துக் கேளுங்கள், அதுவும் உள்ளங்கையைக் குழித்து ஸ்பீக்கரை மூடாமல். டெமோ பீஸில் திருட்டுப் பயத்துக்கு ஒட்டிய கிளாம்ப் இருக்கும். அதுவும் சில நேரம் 'கர்ர்' என்று ஆடும், அதைப் போனின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

கோவை_லேத் | சனி, மதியம் 1.50

என் அனுபவம் ஒன்று. எனக்கு லேத் பட்டறை. வாங்கி எட்டு மாதத்தில் போனில் குறிப்பிட்ட சத்தத்துக்கு மேல் பொரிகிற மாதிரி சத்தம் வந்தது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தேன். சர்வீஸில் திறந்தால் வலைக்கு உள்பக்கம் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டி நிற்கிறது. ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறதே, அது இழுத்துக்கொண்டே இருக்கிறது. பஞ்சில் துடைத்தாலும் போகாது, ஒட்டும் டேப்பை வைத்து எடுத்தார்கள். இரும்பு வேலை செய்கிறவர்கள் சட்டைப் பையில் போனைத் தலைகீழாக வைக்காதீர்கள்.

பழகிய டெமோ பீஸிலும் தூசி ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருக்க அதை வைத்து மாடலையே எப்படிக் கணிப்பது?

---

மைக்செட்_கணேசன் | சனி, மதியம் 2.20

சரியான கேள்வி. டெமோ பீஸில் அதிர்வு வந்தால் அதை வைத்து மாடலை ஒதுக்காதீர்கள். கிழிசலும் அமுக்கமும் வந்தால் நம்பலாம், புதுப் பீஸிலும் அதே படியில்தான் வரும். தூசி அடைத்திருந்தால் சத்தம் குறைந்து மந்தமாகக் கேட்கும், அதையும் மனதில் வையுங்கள். வலையைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

---

குழல்_ரம்யா | சனி, மாலை 5.35

நான் புல்லாங்குழல் கற்கிறேன், தினமும் போனில் சுருதி வைத்து வாசிக்கிறேன். அமுக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. தம்பூரா நன்றாகக் கேட்கிற, மிருதங்கம் கூட வருகிற பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சத்தத்தில் வைத்து மிருதங்கத்தை விட்டுவிட்டுத் தம்பூராவை மட்டும் கவனியுங்கள். தொப்பியில் பலமாக ஓர் அடி விழும்போதெல்லாம் தம்பூரா ஒரு கணம் உள்ளே போய்விட்டுத் திரும்ப வந்தால், அது அமுக்கம். என் பழைய போனில் இது தாளம் திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு சமத்திலும் நடக்கும்.

கணேசன் அண்ணா கிழிசலை முதலில் சொன்னார். எனக்கு இந்த அமுக்கம்தான் பெரிய தொந்தரவு. லேசான கிழிசலைக் காது பழகிக்கொள்கிறது. சுருதி ஆடினால் பாட்டையே கேட்க முடியவில்லை.

யூடியூபில் சோதிப்பவர்களுக்கு ஒன்று. ஒரே பாட்டை நான்கு பேர் ஏற்றியிருப்பார்கள், நான்கும் நான்கு சத்தத்தில் இருக்கும். அதிகச் சத்தமாக ஏற்றியதை யூடியூப் தானே இறக்குகிறது. குறைவாக ஏற்றியதை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் இரண்டு போனிலும் அதே வீடியோவைத்தான் போட வேண்டும். வீடியோ அமைப்பில் ஸ்டேபிள் வால்யூம் என்று ஒன்று இருக்கும், இரண்டிலும் அணைத்துவிடுங்கள். டால்பியையும் ஈக்வலைசரையும்கூட அணைத்துவிடுங்கள்.

---

மைக்செட்_கணேசன் | சனி, மாலை 6.10

தம்பூராச் சோதனை அருமை, இனி நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். எது பெரிய தொந்தரவு என்பதில் மட்டும் உடன்பட முடியவில்லை. அமுக்கம் இருந்தால் பாட்டு கொஞ்சம் மூச்சு வாங்கும், காது வலிக்காது. கிழிசலோடு ஒரு மணி நேரம் கேட்டால் வயதானவர்களுக்குத் தலை கனக்கும், போனை அணைத்துவிடுவார்கள். தேன்மொழியின் அப்பா இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தாரே.

---

குழல்_ரம்யா | சனி, மாலை 6.25

அவர் அமுக்கம் உள்ள போனைக் கேட்டதே இல்லையே, அண்ணா. கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

---

ராஜ்_மேலூர் | சனி, இரவு 9.00

நாதஸ்வர விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் குழல் போட்டுப் பார்த்தேன், 300% வைத்தால் உண்மையிலேயே கிழிகிறது. ஆனால் கமெண்டரிக்கு அப்படி இல்லையே. வாட்ஸ்அப் குரல் செய்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்புறம் எப்படி அது பயனில்லை என்று சொல்வது?

---

மைக்செட்_கணேசன் | சனி, இரவு 9.40

பயனில்லை என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஒலியின் அளவை இரண்டால் பெருக்கினால் 6 டெசிபெல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு 10 டெசிபெல் அளவுக்குக் கூட வேண்டும். அதனால் 200% என்றால் இரண்டு மடங்கு கேட்கும் என்ற கணக்கு முதலிலேயே சரியில்லை.

அடுத்தது, பெருக்குவதற்கு மேலே இடம் இருக்க வேண்டும். குரல் செய்தி பெரும்பாலும் சன்னமாகப் பதிவாகியிருக்கும், மேலே இடம் நிறைய இருக்கும். பெருக்கினால் சுத்தமாகக் கூடும். உன் கமெண்டரிக்கு உதவுவதும் இதனால்தான். இப்போது வரும் சினிமாப் பாட்டுகளை உச்சி தட்டும் அளவுக்கு ஏற்றித்தான் வெளியிடுகிறார்கள். அதை இரண்டால் பெருக்கினால் போக இடமில்லை. உச்சியை வெட்ட வேண்டும், இல்லை அமுக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் பாட்டுதான் கெடும்.

தேன்மொழி, கடைக்குப் போகும்போது டைப்-சி பென்டிரைவில் மூன்று பதிவு போதும்: மிருதங்கத்தோடு தனிக் குழல், தம்பூரா நன்றாகக் கேட்கும் ஒரு பெண் குரல், பக்கவாத்தியம் இல்லாத பேச்சு. வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையலாம், அதனால் கோப்பாகவே எடுத்துப் போங்கள். வீட்டில் கணினி இருந்தால் நான்காவதாக ஏறும் சுரம் ஒன்றையும் சேருங்கள். 20 நொடியில் 200 ஹெர்ட்ஸில் இருந்து 2000 வரை மெதுவாக ஏறும். sox என்ற ஒலி நிரலில் இந்தக் கட்டளை போதும்:

```
sox -n yerum.wav synth 20 sine 200/2000 gain -6
```

தொடக்கத்தில் ஏறக்குறைய எதுவும் கேட்காது, அது சரிதான். அந்த இடத்தில் ரீங்காரம் போல உயரமான சத்தம் கேட்டால் அது பதிவில் இல்லாதது, ஸ்பீக்கர் சேர்ப்பது. அப்புறம் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் 'கர்ர்' என்றால் அதிர்வு. இதை நடுத்தரச் சத்தத்தில் ஒருமுறை, முழுச் சத்தத்தில் ஒரே ஒருமுறை ஓட்டுங்கள், திரும்பத் திரும்ப வேண்டாம். தொடர்ந்து ஒரே சுரம் ஓடினால் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் சூடாகும்.

உங்கள் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண்ணை உண்மை என்று எடுக்காதீர்கள். அதே போனால், அதே தூரத்தில் அளந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்பலாம். இரண்டு போனையும் ஒப்பிடும்போது முதலில் அளவைச் சமப்படுத்திவிட்டுத்தான் எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைக் காது உடனே நல்லது என்று சொல்லிவிடும். மைக்செட் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான்.

---

தேன்மொழி_உறையூர் | செவ்வாய், மாலை 4.20

இன்று காலை 11.15க்குப் போனேன். மணி அண்ணா சொன்னது போலக் கூட்டமே இல்லை. பென்டிரைவை அனுமதித்தார்கள். கடையின் உள்பக்கம் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். அங்கே எதுவும் ஓடாதபோதே ஆப் 60 காட்டியது. ஸ்கேலால் 50 சென்டிமீட்டர் அளந்து என் போனை ஒரு நாற்காலியில் வைத்து, டெமோ போனைக் கையில் பிடித்தேன். இரண்டிலும் டால்பியை அணைத்துவிட்டேன். கூடுதல் வால்யூம் மோடை அணைத்து 15 படியோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் போன், அதாவது நான் வாங்க நினைத்தது. குழல் பதிவில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி அளந்தேன். 11இல் 70, 12இல் 73, 13இல் 76, 14இல் 77.5, 15இல் 78. கிழிசல் 13இல் லேசாகத் தொடங்கிவிட்டது, 15இல் தம்பி போன் மாதிரியே. தம்பூராவும் 14க்கு மேல் அடிக்கு அடி உள்ளே போய் வந்தது. ரம்யா சொல்லியிருக்காவிட்டால் அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

இரண்டாவது போன் 13இல் 70, 14இல் 72.5, 15இல் 74.5. முழுச் சத்தத்திலும் குழல் சுத்தமாக இருந்தது. தம்பூரா மட்டும் 15இல் மிக லேசாக ஆடியது, அதுவும் தேடிக் கேட்டால்தான் தெரியும்.

முழுச் சத்தத்தில் முதல் போன்தான் 3.5 கூடுதல். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டபோது எனக்கே முதல் போன்தான் நல்லது போலத் தோன்றியது. பிறகு முதல் போனை 12இல், இரண்டாவதை 15இல் வைத்து மாறி மாறிக் கேட்டால், இரண்டாவதில் பாடகியின் குரல் நெருக்கமாக இருந்தது.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. போனைப் படுக்கை வாக்கில் பிடிக்கும்போது என் விரல் கீழ்ப்பக்க ஸ்பீக்கரை மூடிவிட்டது. மீதிச் சத்தம் காது வைக்கிற பக்கத்தில் இருந்து மட்டும் வந்தது, ரேடியோ மாதிரி மெல்லியதாக. முதல் போனில் இந்த வித்தியாசம் ரொம்ப அதிகம். இரண்டு ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தாலும் முக்கால்வாசி வேலையைக் கீழ்ப்பக்கம்தான் செய்கிறது.

இன்னும் வாங்கவில்லை. கணக்கு சரியா என்று சொல்லுங்கள்.

---

மைக்செட்_கணேசன் | செவ்வாய், மாலை 5.00

கணக்கு சரி. சுற்றுச் சத்தம் 60, நீங்கள் அளந்தவை 70ம் அதற்கு மேலும், குறைந்தது பத்து கூடுதல். அதனால் எண்கள் பெரிதாக மாறாது. 62, 63 என்று அளந்திருந்தால் கடையின் சத்தத்தையே அளந்ததாக ஆகியிருக்கும்.

உங்கள் முதல் போனின் எண்களையே பாருங்கள். 11இல் இருந்து 13 வரை படிக்கு 3 கூடுகிறது. அடுத்த படியில் ஒன்றரை, கடைசிப் படியில் வெறும் அரை. நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள், சத்தம் ஏற மறுக்கிறது. உள்ளே சிப் அமுக்கத் தொடங்கிவிட்டது என்பதை எண்ணே சொல்கிறது. காது பழகாதவர்கள்கூட இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

சுத்தமாக நிற்கிற கடைசிப் படியில் முதல் போன் 73, இரண்டாவது 74.5. ஒன்றரை டெசிபெல் பெரிய வித்தியாசம் இல்லை, சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் சத்தத்துக்காக முதல் போனை வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

---

ராஜ்_மேலூர் | செவ்வாய், மாலை 5.30

பேச்சுப் பதிவில் எப்படி இருந்தது, அக்கா? செய்தி கேட்பாரென்றால் முதல் போனின் அந்தக் கூடுதல் மூன்றரை உதவுமே.

---

தேன்மொழி_உறையூர் | செவ்வாய், மாலை 5.45

ராஜ் சொல்வதும் உண்மைதான். பேச்சில் முதல் போன் 15இல்கூடக் கரகரக்கவில்லை, தெருச் சத்தத்தை மீறித் தெளிவாகக் கேட்டிருக்கும். அப்பா செய்தி கேட்பது டிவியில்தான். அதனால் அதை விட்டுவிட்டேன்.

---

தேன்மொழி_உறையூர் | வியாழன், இரவு 8.15

இரண்டாவது போனையே வாங்கியாயிற்று. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, பணம் கட்டும் முன் ஏறும் சுரத்தை ஓட்டினேன். பாதி வழியில் தெளிவாக 'கர்ர்' என்று வந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. வேறு பீஸ் தாருங்கள் என்று கேட்கப் போனேன். பக்கத்தில் நின்ற கடைப்பையன் போனை வாங்கி, திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தார். அதன் ஓரம் காது வைக்கிற இடத்துத் துளையின் மேல் தூக்கி நின்றிருக்கிறது. உரித்துவிட்டுத் திரும்ப ஓட்டினால் சுத்தம்.

இன்று காலை அப்பா திண்ணையில் வைத்து ஒன்றரை மணி நேரம் கேட்டார். 14க்கு மேல் கூட்டவே இல்லை. மரப்பலகை மேல் படுக்க வைத்தால் பலகையும் சேர்ந்து கொஞ்சம் முனகுகிறது. அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டோம், நின்றுவிட்டது.

ரம்யாவுக்காகத் தம்பி போனிலும் புதுப் போனிலும் அதே பதிவைப் போட்டு, எது தொந்தரவு என்று அப்பாவிடம் கேட்டேன். தம்பி போனில் குழல் கிழிவதைச் சொன்னார். புதுப் போனை 15இல் வைத்தபோது தம்பூரா ஆடுவதை நான் சொல்லாமலே கவனித்துவிட்டார். இரண்டில் எது மோசம் என்றதற்கு, "ரெண்டையும் 12இல் வை" என்று சொல்லிவிட்டார்.

---

குழல்_ரம்யா | வியாழன், இரவு 8.40

15இல் அவர் கவனித்துவிட்டாரே! பவுச் எதுவும் போட்டிருக்கிறீர்களா? போட்ட பிறகு ஏறும் சுரத்தை இன்னொருமுறை ஓட்டிப் பாருங்கள். என் போனில் ரப்பர் பவுச்சின் துளை ஸ்பீக்கரோடு சரியாகப் பொருந்தாமல் பாதியை மூடியிருந்தது.

---

தேன்மொழி_உறையூர் | வியாழன், இரவு 8.55

பெட்டியோடு வந்த பவுச்சைப் போட்டிருக்கிறோம், துளை பொருந்தியிருப்பது போலத்தான் தெரிகிறது. காலையில் அப்பா எழுந்ததும் அளந்துவிட்டு எழுதுகிறேன்.